இரண்டு வழிகளில் பாதிப் பாதி: ஓர் இருபடி மாடுலஸ் அசமன்பாடு தவறிய கதை

பின்னணி

மாணவன் சிங்கப்பூரில் ஜேசி என்கிற தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிப்பவன், ஏ நிலைத் தேர்வுக்கான எச்2 கணிதம் எடுத்திருந்தான். ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தள அறையில் ஞாயிறு காலைகளில் நான் நடத்தும் சிறு துணைப்பாட வகுப்புக்கு வருவான். உயர்நிலைப் பள்ளியில் கூடுதல் கணிதம் நன்றாகச் செய்தவன்தான். இருபடி அசமன்பாடு அவனுக்குப் புதிதில்லை: காரணிப்படுத்துவான், பரவளையத்தைச் சின்னதாக ஓரத்தில் வரைவான், பூச்சியத்துக்குக் கீழே என்றால் இரண்டு மூலங்களுக்கு நடுவில், மேலே என்றால் இரண்டு பக்கமும் வெளியில் என்று பார்த்து எழுதுவான். அதில் அவன் தடுமாறி நான் பார்த்ததில்லை.

எச்2வில் அசமன்பாடுகள் பாடத்தோடு மாடுலஸும் சேர்ந்து வரும். |x − a| < b என்றால் a − b < x < a + b என்ற உறவை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளே நேர்கோட்டுக் கோவை இருக்கும்வரை அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே இருபடி வந்ததும்தான் சிக்கல். பள்ளியில் நடந்த ஒரு வகுப்புத் தேர்வில் இப்படி ஒரு கேள்விக்கு அவனுக்குக் கிட்டத்தட்ட மதிப்பெண்ணே கிடைக்கவில்லை. அதைவிட அவனை உறுத்தியது, எந்த வரி தவறு என்றே அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான். தாளை எடுத்துக்கொண்டு வந்தான்.

பள்ளிக் கேள்வியை இங்கே போடப்போவதில்லை. எண்களை மாற்றி அதே அமைப்பில் நான் கொடுத்த கேள்வியில் அவன் அச்சு அசலாக அதே தவறைச் செய்தான், அதையே எடுத்துக்கொள்கிறேன். கால்குலேட்டர் இல்லாமல், துல்லியமான விடையாகத் தீர்க்க வேண்டும்:

|x² − 3x − 2| ≤ 2

அவன் எழுதியது

```
x² − 3x − 2 ≤ 2    அல்லது   −(x² − 3x − 2) ≤ 2
x² − 3x − 4 ≤ 0    அல்லது   x² − 3x ≥ 0
(x − 4)(x + 1) ≤ 0 அல்லது   x(x − 3) ≥ 0
−1 ≤ x ≤ 4         அல்லது   x ≤ 0 அல்லது x ≥ 3
```

இதன் கீழே, எல்லாவற்றையும் சேர்த்தால் எண்கோடு முழுவதும் நிரம்பிவிடுகிறது, ஆகவே எல்லா மெய்யெண்களும் விடை என்று முடித்திருந்தான்.

வரி வரியாகப் பாருங்கள். முதல் இருபடி சரி. இரண்டாவதில் −1 ஆல் பெருக்கும்போது குறியைத் திருப்பியிருக்கிறான், அதுவும் சரி (பாதிப் பேர் தவறுவது இங்கேதான், இவன் தவறவில்லை). காரணிகள் சரி, இரண்டு தனித்தனித் தீர்வுகளும் சரி. அதனால்தான் அவனால் தவறைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்குப் பிழையைத் தேடிக்கொண்டிருந்தான், கணக்கில் பிழை இல்லை.

நான் எதுவும் விளக்காமல் x = 1 போட்டுப் பார்க்கச் சொன்னேன். 1 − 3 − 2 = −4, மாடுலஸ் 4. நாலு இரண்டைவிடச் சிறியதா?

“இல்ல சார்,” என்றான். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, “ஆனா வொர்க்கிங் எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்றான்.

சரியாகத்தான் இருந்தது, “அல்லது” என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர.

இவ்வளவு நாள் ஏன் பிடிபடவில்லை

உடனே திருத்திவிடலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திருத்தினால் அடுத்த மாதம் திரும்ப வரும். அவனுடைய பழைய பயிற்சி நோட்டை வாங்கிப் புரட்டினேன். மாடுலஸ் பக்கங்களில் ஏறக்குறைய எல்லாமே சரியாக இருந்தன, அதே “அல்லது” முறையில். காரணம் சீக்கிரமே தெரிந்தது: உள்ளே இருபடி இருந்த கேள்விகள் அத்தனையும் “பெரியது” வகை. உதாரணமாக நம் கேள்வியையே திருப்பிப் போட்டு |x² − 3x − 2| > 2 என்று கேட்டால் அவன் முறை இப்படிப் போகும். x² − 3x − 4 > 0 என்பதிலிருந்து x < −1 அல்லது x > 4. அடுத்து x² − 3x < 0 என்பதிலிருந்து 0 < x < 3. சேர்த்தால் x < −1 அல்லது 0 < x < 3 அல்லது x > 4. முழுக்கச் சரியான விடை.

ஆக, ஒரே பழக்கம் “பெரியது” வகையில் சரியான விடையையும் “சிறியது” வகையில் அபத்தமான விடையையும் தருகிறது. பயிற்சித்தாளில் “பெரியது” கேள்விகள் முன்னால் வந்ததால் பழக்கம் கெட்டிப்பட்டுவிட்டது. “சிறியது” வகையில் அவன் செய்திருந்ததெல்லாம் |2x − 1| < 5 மாதிரி நேர்கோட்டுக் கேள்விகள், அவற்றுக்கு மனப்பாட வாய்ப்பாட்டைப் போட்டு −2 < x < 3 என்று வந்துவிட்டான். அங்கே இரண்டாகப் பிரிக்கவே இல்லை.

அந்தப் பிரிக்கும் முறை எங்கே கற்றது என்று கேட்டேன். பள்ளியில் விரிவுரையில், மாடுலஸின் வரையறையிலிருந்து: உள்ளே இருப்பது பூச்சியமோ அதற்கு மேலோ என்றால் அப்படியே எடு, குறை எண் என்றால் முன்னால் ஒரு கழித்தல் குறி போடு. அது ஒரு முழுமையான வழி. ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு பிரிவோடும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன, அப்புறம் காணாமல் போயிருந்தன. ஏன் விட்டாய் என்றதற்கு அவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: “எழுதாட்டியும் ஆன்சர் அதேதான் வந்துச்சு சார். அதோட இந்தக் கேள்வில ரூட் செவன்டீன் வருது, பார்க்கவே பயமா இருந்துச்சு.”

இரண்டுமே உண்மை. “பெரியது” வகையில் நிபந்தனையை விட்டாலும் விடை மாறாது, ஏனென்றால் x² − 3x − 2 இரண்டைவிடப் பெரியது என்று சொன்னாலே அது பூச்சியத்துக்கு மேல் என்பது அதில் அடங்கிவிட்டது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. “சிறியது” வகையில் அப்படி இல்லை. x² − 3x − 2 ≤ 2 என்று மட்டும் சொன்னால் அது −4 ஆகவும் இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. x = 1 நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

உண்மையில் இரண்டு வழிகள் இருக்கின்றன

இதை அவனுக்குச் சொல்வதற்கு முன் நான் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டதை இங்கே தருகிறேன், இந்த நிகழ்வின் மையமே இதுதான்.

முதல் வழி, உள்ளே இருப்பதன் குறியை வைத்துப் பிரிப்பது. உள்ளே இருப்பதை f என்று வைத்துக்கொள்வோம். ஒரு x-க்கு f ≥ 0 ஆக இருக்கும், அல்லது f < 0 ஆக இருக்கும், இரண்டில் ஒன்றுதான். எண்கோட்டையே இரண்டு பகுதியாக வெட்டிவிட்டு ஒவ்வொரு பகுதியிலும் தனியாகத் தீர்க்கிறோம். ஆகவே கடைசியில் இரண்டு பகுதிகளின் விடைகளைச் சேர்க்கிறோம், “அல்லது” போடுகிறோம். ஆனால் ஒவ்வொரு பகுதியின் விடையும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, f-இன் மதிப்பைக் கட்டிப்போடுவது. |f| ≤ 2 என்பதும் −2 ≤ f ≤ 2 என்பதும் ஒன்றுதான். இங்கே எண்கோட்டை வெட்டவில்லை. ஒரே x மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஒரே நேரத்தில் மதிக்க வேண்டும். அதனால் இரண்டு இருபடி அசமன்பாடுகள் வருகின்றன, இரண்டுக்கும் பொதுவானதை, அதாவது வெட்டை எடுக்கிறோம்.

பார்வைக்கு இரண்டிலும் அதே இருபடிகள்தான் வரும்: x² − 3x − 4 ≤ 0, x² − 3x ≥ 0. மாணவன் முதல் வழியின் “அல்லது”வை எடுத்துக்கொண்டான், நிபந்தனையை மட்டும் இரண்டாவது வழியைப் போலவே விட்டுவிட்டான். தனித்தனியாக இரண்டும் சரியான வழிகள், பாதிப் பாதியாகச் சேர்ந்ததும் எதுவுமில்லை.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

எளிதான தீர்வு ஒன்று கையிலேயே இருந்தது: “சிறியது என்றால் வெட்டு, பெரியது என்றால் சேர்ப்பு, எழுதி வைத்துக்கொள்” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், தேர்வுக்கு முந்தின நாள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இவனுக்கு நேரம் இருந்தது, அதனால் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவனுடைய பிரச்சினையே ஒரு விதியை அதன் காரணத்திலிருந்து கழற்றி வைத்துக்கொண்டதுதான், அதன் மேல் இன்னொரு விதியைக் கொடுத்தால் இரண்டும் மோதும். அதோடு |x² − 1| + |x − 2| < 5 என்கிற மாதிரி இரண்டு மாடுலஸ் கூட்டலில் வந்தால் அந்த விதியை நேரடியாகப் போட முடியாது, குறியை வைத்துப் பிரிக்கும் முதல் வழிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் முதல் வழியை ஒரே ஒரு முறை, √17 உட்பட முழுதாகச் செய்யவைப்பது, அப்புறம் அதே கேள்வியை இரண்டாவது வழியில் செய்யவைப்பது, கடைசியில் வரைபடத்தில் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வழி இப்படிப் போனது. f = 0 ஆகும் இடங்கள் (3 ± √17)/2, தோராயமாக −0.56, 3.56.

f ≥ 0 பகுதி என்பது x ≤ −0.56 அல்லது x ≥ 3.56. இங்கே −1 ≤ x ≤ 4 என்ற தீர்வில் இந்தப் பகுதிக்குள் வருவதை மட்டும் வைத்துக்கொண்டால், −1 முதல் −0.56 வரை ஒரு துண்டு, 3.56 முதல் 4 வரை ஒரு துண்டு.

f < 0 பகுதி −0.56-க்கும் 3.56-க்கும் நடுவில். இங்கே x ≤ 0 அல்லது x ≥ 3 என்பதில் உள்ளே வருவது, −0.56 முதல் 0 வரை ஒரு துண்டு, 3 முதல் 3.56 வரை ஒரு துண்டு.

நாலு துண்டுகளையும் சேர்த்தால் இடப்பக்கம் இரண்டும் −0.56-இல் ஒட்டிக்கொள்கின்றன, வலப்பக்கம் இரண்டும் 3.56-இல் ஒட்டிக்கொள்கின்றன. விடை: −1 ≤ x ≤ 0 அல்லது 3 ≤ x ≤ 4.

இந்த இடத்தில் அவனே நிறுத்தினான். “அப்ப ரூட் செவன்டீன் கடைசில காணோமே சார்?” ஆமாம், அது வெறும் தையல் கோடு. நாம் வெட்டிய இடம் அது, அந்தப் புள்ளியில் |f| = 0, அது இரண்டைவிடச் சிறியது என்பதால் எப்படியும் விடைக்குள்தான் கிடக்கும், எல்லையாக வரவே வராது. இதைப் பார்த்த பிறகு, தையலே போடாத இரண்டாவது வழி ஏன் வசதி என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வழியில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: இரண்டு தீர்வுகளையும் சொற்களால் ஒட்டக் கூடாது, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு எண்கோடுகள் போட்டு, மூன்றாவது கோட்டில் பொதுவானதை மட்டும் நிழலிட வேண்டும். காரணம் இருக்கிறது. x ≤ 0 அல்லது x ≥ 3 என்ற தீர்வுக்குள்ளேயே ஓர் “அல்லது” இருக்கிறது, அது அந்த ஓர் இருபடிக்குச் சொந்தமானது. வெளியே இரண்டு இருபடிகளையும் இணைப்பது “மேலும்”. ஒரே வரியில் எழுதும்போது உள்ளே இருக்கும் “அல்லது” வெளியே வழிந்துவிடுகிறது, அவன் தாளின் கடைசி வரியில் நடந்ததில் பாதி இதுதான். கோடுகளாகப் போட்டால் உள்ளே இருப்பது முதலில் கோட்டில் படமாகிவிடும், வெளியே இருப்பது கோடுகளுக்கு நடுவில் நிற்கும். மேல் கோட்டில் −1 முதல் 4 வரை, கீழ்க் கோட்டில் 0-க்கு இடமும் 3-க்கு வலமும், பொதுவானது இரண்டு துண்டுகள். அதே விடை, அரைப் பக்கத்தில்.

அடுத்து வந்த தவறு

சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று வந்தது. இதை நான் எதிர்பார்த்துத்தான் கேள்வியைக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கத்து 2-ஐ மட்டும் 5 ஆக மாற்றினேன்: |x² − 3x − 2| ≤ 5.

மேல் எல்லையிலிருந்து x² − 3x − 7 ≤ 0, மூலங்கள் (3 ± √37)/2, நடுப்பகுதி. கீழ் எல்லையிலிருந்து x² − 3x + 3 ≥ 0. தன்மைகாட்டி 9 − 12 = −3, குறை எண். அவன் “மூலம் இல்லை, ஆகவே தீர்வு இல்லை” என்று எழுதினான். இப்போது “மேலும்” என்று கற்றுக்கொண்டுவிட்டான் இல்லையா, வெறுமையோடு எதை வெட்டினாலும் வெறுமை, ஆகவே மொத்தத்துக்கும் தீர்வே இல்லை என்று முடித்துவிட்டான். பழைய வழியில் எண்கோடு முழுவதும் விடையாக வந்தது, புதிய வழியில் ஒன்றுமே வரவில்லை.

x = 0 போடு என்றேன். |−2| = 2, ஐந்தைவிடச் சிறியது. விடையில் இருக்க வேண்டிய எண்.

மூலம் இல்லை என்றால் பரவளையம் x-அச்சைத் தொடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். x²-இன் குணகம் மிகை, ஆகவே முழுப் பரவளையமும் அச்சுக்கு மேலே மிதக்கிறது, x² − 3x + 3 எல்லா x-க்கும் மிகைதான். கீழ் எல்லை யாரையும் தடுக்கவில்லை, மேல் எல்லை சொல்வதே விடை: (3 − √37)/2 ≤ x ≤ (3 + √37)/2. சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லாததும் அசமன்பாட்டுக்குத் தீர்வு இல்லாததும் வேறு வேறு. இது மாடுலஸ் பாடத்தின் பிரச்சினை இல்லை, பழைய இருபடிப் பாடத்தின் பாக்கி, ஆனால் மாடுலஸில்தான் அடிக்கடி வெளியே தெரிகிறது, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு இருபடிகள் வருகின்றன, அதில் ஒன்றுக்கு மூலம் இல்லாமல் போவது சர்வசாதாரணம்.

இந்த இடத்தில்தான் வரைபடத்தை எடுத்தோம். கிராஃபிக் கால்குலேட்டரில் இவற்றைப் போட்டான்:

```
Y1 = abs(X^2-3X-2)
Y2 = 2
Y3 = 5
```

x² − 3x − 2 = (x − 1.5)² − 4.25. பரவளையத்தின் அடிமுனை −4.25 ஆழத்தில் இருக்கிறது. மாடுலஸ் போட்டதும் அச்சுக்குக் கீழே இருந்த பகுதி மேலே மடிந்து, நடுவில் 4.25 உயரத்துக்கு ஒரு மேடாக நிற்கும். 2 உயரத்தில் கிடைக்கோடு போட்டால் மேடு அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் 0-க்கும் 3-க்கும் நடுவில் விடையில் இடைவெளி. 5 உயரத்தில் போட்டால் மேடு முழுக்கக் கோட்டுக்குக் கீழே, இடைவெளி இல்லை, ஒரே துண்டு. சரியாக 4.25 உயரத்தில் போட்டால் மேட்டின் உச்சி கோட்டைத் தொடும்; அப்போது ≤ என்றால் ஒரே துண்டு, < என்றால் அந்தத் துண்டில் x = 1.5 என்ற ஒற்றைப் புள்ளி மட்டும் விடுபடும்.

இதற்குப் பிறகு கேள்வியைப் பார்த்ததும் அடிமுனையை ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம் அவனுக்கு வந்தது. தீர்க்க ஆரம்பிக்கும் முன்பே விடை ஒரு துண்டா இரண்டு துண்டா என்று தெரிந்துவிடும். கால்குலேட்டர் கூடாது என்ற கேள்வியிலும் இதைச் செய்யலாம், வர்க்க நிறைவு இரண்டு வரிதான்.

வலப்பக்கத்திலும் x வந்தபோது

குழுவில் இன்னொரு மாணவி இருந்தாள், மாடுலஸைக் கண்டால் இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்துவது அவள் வழக்கம். |x² − 4| < 3x என்ற கேள்வியை இருவருக்கும் கொடுத்தேன்.

அவள் வர்க்கப்படுத்தி, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாகக் காரணிப்படுத்தி, (x² − 3x − 4)(x² + 3x − 4) < 0 என்று அழகாக வந்தாள். மூலங்கள் −4, −1, 1, 4. விடை −4 < x < −1 அல்லது 1 < x < 4.

அவன் இரண்டாவது வழியில் போனான். x² − 4 < 3x என்பதிலிருந்து −1 < x < 4. x² − 4 > −3x என்பதிலிருந்து x < −4 அல்லது x > 1. பொதுவானது 1 < x < 4 மட்டும்.

இரண்டு விடைகள். x = −2 போட்டார்கள்: இடப்பக்கம் 0, வலப்பக்கம் −6. பூச்சியம் −6-ஐவிடச் சிறியது இல்லை, ஆக அவளுடைய இடப்பக்கத் துண்டு தவறு. வலப்பக்கம் குறை எண்ணாக இருக்கும்போது வர்க்கப்படுத்தினால் அந்தக் குறை அழிந்துவிடுகிறது. 0 < 36 என்பது உண்மை, 0 < −6 என்பது பொய். அவள் முறையில் x > 0 என்ற நிபந்தனையைச் சேர்த்திருந்தால் விடை சரியாக வந்திருக்கும்.

அவன் கேட்ட கேள்வி நியாயமானது: “நான் மட்டும் அந்தக் கண்டிஷன் எழுதலையே, எனக்கு எப்படி வந்துச்சு?” முன்பு நிபந்தனையை விட்டதற்குத்தானே அடி வாங்கினான், கேட்கத்தான் செய்வான். |f| < g என்பதற்கும் −g < f < g என்பதற்கும் g எதுவாக இருந்தாலும் வித்தியாசமில்லை. g குறை எண்ணாக இருந்தால் −g மிகை எண்ணாகிவிடும், ஒரு மிகை எண்ணைவிடப் பெரிதாகவும் ஒரு குறை எண்ணைவிடச் சிறிதாகவும் ஒரே நேரத்தில் எந்த f-உம் இருக்க முடியாது, ஆகவே அந்த x-கள் தாமாகவே உதிர்ந்துவிடும். நிபந்தனை உள்ளேயே இருக்கிறது, வெட்டு எடுக்கும் வேலைதான் அதைச் செய்கிறது. ஆனால் வெட்டு எடுக்காமல் சேர்ப்பு எடுத்தால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

விளைவு

பள்ளியின் அடுத்த தேர்வில் இந்த வகைக் கேள்வி ஒன்று வந்தது, “சிறியது” வகை, உள்ளே இருபடி. மூன்று எண்கோடுகளும் தாளில் இருந்தன, தீர்வும் சரி. அதே தாளில் வேறொரு கேள்வியில் < இருந்த இடத்தில் ≤ எழுதி ஒரு மதிப்பெண் விட்டான். எண்கோட்டில் திறந்த வட்டத்தையும் நிரப்பிய வட்டத்தையும் வேறுபடுத்திப் போடாததன் பலன் அது, அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாணவி வர்க்கப்படுத்துவதை விடவில்லை; வலப்பக்கம் வெறும் மிகை எண்ணாக இருந்தால் அப்படியே செய்கிறாள், x இருந்தால் முதல் வரியில் நிபந்தனையை எழுதிவிட்டுத் தொடங்குகிறாள். அது போதும், அவளை மாற்ற வேண்டிய அவசியம் தெரியவில்லை.

அடுத்த குழுவுக்கு மாற்றவிருப்பது

“பெரியது” வகையை முதலில் வைக்கும் வரிசையை மாற்றுகிறேன். இருபடி மாடுலஸில் முதல் கேள்வியே “சிறியது” வகையாக, f-இன் மூலங்கள் √ உடன் வருவதாக, அடிமுனை கீழ் எல்லையைத் தாண்டிப் போவதாக இருக்கும். நிபந்தனையில்லாமல் “அல்லது” போட்டால் அங்கேயே சிக்கிக்கொள்வார்கள், பழக்கம் கெட்டிப்பட இடமிருக்காது.

எண் போட்டுச் சரிபார்ப்பதையும் இன்னும் கொஞ்சம் கவனமாகச் சொல்லித்தர வேண்டும். இந்த நிகழ்வில் x = 1 போட்டதுமே தவறு வெளிப்பட்டது, எப்போதும் அப்படி அமையாது. |x² − x − 3| ≤ 3 என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் எல்லை −2 ≤ x ≤ 3 என்று தரும், கீழ் எல்லை x ≤ 0 அல்லது x ≥ 1 என்று தரும், சரியான விடை −2 ≤ x ≤ 0 அல்லது 1 ≤ x ≤ 3. கீழ் எல்லையை மறந்துவிட்டு −2 ≤ x ≤ 3 என்று மட்டும் ஒருவர் எழுதினால், −2, −1, 0, 1, 2, 3 என்று எல்லா முழு எண்களையும் போட்டுப் பார்த்தாலும் ஆறும் பொருந்தும், வெளியே −3, 4 போட்டால் இரண்டும் பொருந்தாது, விடை சரி என்றே தோன்றும். x = 1/2 போட்டால்தான் 3.25 வந்து உடையும். ஆகவே எந்த எண்ணைப் போடுவது என்பதைக் கைக்கு வந்தபடி விடாமல், இரண்டு இருபடிகளின் மூலங்களையும் எண்கோட்டில் குறித்து, அடுத்தடுத்த இரண்டு மூலங்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்று எடுக்கச் சொல்லப்போகிறேன். அடுத்த குழுவின் முதல் கேள்வி இதுதான்.